குறை சொல்லாமல் அன்பைக் கேட்பது

“உங்களுக்கு என் மேல அக்கறையே இல்ல.”

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப்போடும் நேரத்தில் எத்தனையோ வீடுகளில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் மனதில் இருப்பது ஒரு வேண்டுகோள்: கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், நான் செய்ததைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், தலையைத் தடவிக் கொடுங்கள். கேட்பவர் காதில் விழுவதோ தீர்ப்பு. தீர்ப்பு சொன்னால் யாராக இருந்தாலும் மறுத்துப் பேசத்தான் பார்ப்பார்கள். “காலையில கடையத் தொறந்தா ராத்திரி ஒம்பது மணிக்கு வர்றேன். இதெல்லாம் யாருக்காக?” என்று பதில் வரும். அவர் சொல்வதும் உண்மை, அவள் ஏங்குவதும் நியாயம். ஆனால் பேச்சு இப்போது அக்கறை உண்டா இல்லையா என்கிற வழக்காகிவிட்டது. அந்த வழக்கில் யார் ஜெயித்தாலும், அவளுக்கு வேண்டியிருந்த அந்த ஒரு வார்த்தை மட்டும் கிடைக்கப்போவதில்லை.

இதில் ஏங்குவது எப்போதும் மனைவிதான் என்று நினைக்க வேண்டாம். மனைவி வாயால் ஒரு நல்ல சொல் கேட்காதா என்று காத்திருக்கும் கணவர்களும் நிறையப் பேர் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான். கீழே சொல்வது இருவருக்கும் பொருந்தும்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் கேட்டதையும் பார்த்ததையும் சேர்த்து நான் உருவாக்கிய தம்பதி. ஊர் ஈரோடு. அவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவிக்குக் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க் வேலை. கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஸ்கூட்டருக்குக் காற்று பார்ப்பது, பிரேக் ஒயரை முறுக்கிவிடுவது, டேங்க்கை நிரப்பி வைப்பது எல்லாம் அவர்தான். அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. அன்று மாலை அவர் அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, “சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து டீக்கடைக்காரர் மனைவி கோயிலில் இவளைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரர் கடையில எல்லார்கிட்டயும் உங்க பிரமோஷனைப் பத்தித்தான் பேச்சு. அவ்வளவு பெருமை அவருக்கு” என்றாள்.

கேட்டதும் இவளுக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக வந்தன. மனம் நிறைந்தது, கூடவே கோபமும் வந்தது. அன்று இரவே நாக்கு நுனியில் தயாராக நின்ற வாக்கியம்: “டீக்கடைக்காரருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்ல மட்டும் வாய் வரல.” தகவலாகப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் கெடுத்திருக்கும்.

ஏன் கெடுத்திருக்கும் என்று பார்க்கும் முன், அவர் ஏன் சொல்லாமல் இருந்தார் என்று பார்ப்போம். சொல்லாதவர்கள் பலரும் கஞ்சத்தனத்தால் சொல்லாமல் இருப்பதில்லை. “அவளுக்குத் தெரியாதா என்ன” என்பது ஒரு காரணம். “சொன்னா செயற்கையா இருக்கும், எப்படிச் சொல்றதுன்னே தெரியல” என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தை சுவான் ஜாவ், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 2021இல் எழுதினார்கள். ஒருவர் தமக்குத் தெரிந்தவரைப் பாராட்டப் போகிறார். அதைக் கேட்டு அவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். கணிப்பை விட, கேட்டவர்களின் மகிழ்ச்சி அதிகமாகவே இருந்தது. காரணமும் தெளிவாகத் தெரிந்தது. பாராட்டுகிறவர், சரியான வார்த்தை வருமா, உளறிவிடுவோமோ என்பதிலேயே இருக்கிறார். கேட்பவருக்கோ அந்த மனசு தெரிந்தால் போதும், வார்த்தையின் அழகை அவர் எடைபோடுவதில்லை. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள்: நாலைந்து நாள் தொடர்ந்து தினம் ஒன்று என்று பாராட்டினால் சலித்துப்போகுமா? போகும் என்றுதான் மற்றவர்கள் கணித்தார்கள். கேட்டவர்களுக்குச் சலிக்கவில்லை.

ஆக, சொல்லாமலிருப்பவர் தன் வார்த்தையின் மதிப்பைக் குறைத்துப் போட்டு வைத்திருக்கிறார். மதிப்பு தெரியாத ஒருவரிடம் போய் “உனக்குப் பாசமில்லை” என்று சொன்னால் அவருக்கு அது அநியாயமாகத்தான் படும். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி வேறு: “உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா எனக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியல.” இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

கேட்கும் நேரம் பற்றி ஒரு தகவல். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குள் இருக்கும் ஒரு பிணக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசச் சொல்லிப் படம்பிடித்தார். அவரும் சிபில் காரேர் என்பவரும் 1999இல் வெளியிட்ட கட்டுரையில், புதிதாக மணமான 124 தம்பதிகளின் பேச்சை அப்படி ஆராய்ந்திருந்தார்கள். அடுத்த ஆறு வருடத்தில் யார் பிரிவார்கள் என்பதற்கான அடையாளம், அந்தக் கால் மணி நேரத்தின் முதல் மூன்று நிமிடத்திலேயே இருந்தது. குத்தலாக ஆரம்பித்த பேச்சு பெரும்பாலும் குத்தலாகவே முடிந்தது. எனவே எப்படித் தொடங்குகிறோம் என்பதில் கவனம் வைத்தால், மீதிப் பேச்சுக்கு அவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்காது.

மனதில் அடிபட்ட அந்த இரவே கேட்கக் கூடாது. சண்டை முடிந்த சூட்டோடும் கூடாது. அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பசியோடு வரும் நேரமும் சரிவராது. மாமியாரோ பிள்ளைகளோ காதில் வாங்கும் தூரத்தில் இருந்தால் அவருக்கு அது பேச்சாகத் தெரியாது, மானப்பிரச்சினையாகிவிடும். நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கிறது என்று சிலர் கூசிப்போவார்கள். அப்படிப்பட்டவரிடம் கை ஏதாவது ஒரு வேலையில் இருக்கும்போது கேட்பது நல்லது. நம் ஈரோட்டு மனைவி ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தாள். அவர் ஸ்கூட்டர் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். டீக்கடையில என் பிரமோஷனைப் பத்திப் பெருமையாப் பேசினீங்களாமா. அந்த அக்கா சொன்னாங்க. கேட்டதும் எனக்கு அப்படியொரு சந்தோஷமுங்க. அதை உங்க வாயால நானே கேக்கோணும்னு ஆசையா இருக்குது. இனிமேல் அந்த மாதிரி மனசுல ஏதாச்சும் தோணுச்சுன்னா, எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இதே டீக்கடைச் செய்திதான் இரண்டு நாள் முன்பு அவள் கையில் குற்றச்சாட்டாக இருந்தது. இப்போது அதுவே அவருடைய பாசத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அவருக்கு அக்கறை இருக்கிறது என்பதை அவள் முதலிலேயே ஒப்புக்கொண்டாள். அதுவும் மேலோட்டமாக அல்ல, நடந்த ஒன்றைச் சொல்லி. அதனால் அவருக்குத் தன் பாசத்தை நிரூபிக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் கவனியுங்கள். அவள் பேச்சில் “ஆனா” வரவில்லை. நம்மில் பலர் நல்லவிதமாக ஆரம்பிப்பதாக நினைத்து, “நீங்க நல்லாத்தான் பாத்துக்கறீங்க, ஆனா...” என்று இழுப்போம். அந்த “ஆனா” வந்தவுடன் முன்னால் சொன்னதெல்லாம் முகஸ்துதியாகிவிடும். கேட்பவர் “சரி, வருது” என்று உடம்பை இறுக்கிக்கொள்வார். நல்லதைச் சொல்லி நிறுத்திவிட்டு, ஆசையைத் தனி வாக்கியமாகச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. அதே போல “ஒரு நாளாவது”, “இத்தனை வருஷத்துல”, “மத்த வீட்டுலயெல்லாம்” என்று தொடங்கும் பேச்சுகளையும் விட்டுவிட வேண்டும். முதல் இரண்டும் பழைய கணக்கைத் திறக்கும். மூன்றாவது, அவரை இன்னொரு ஆணோடு நிறுத்திவைக்கும். அதற்கு அப்புறம் அவர் காதில் வேறொன்றும் ஏறாது.

என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். “கொஞ்சம் அன்பா இருங்க” என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. தான் ஏற்கெனவே அன்பாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். தம்பதிகளுக்கான சிகிச்சையில் பழைய முறை ஒன்று உண்டு. ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் வகுத்தது. கணவனும் மனைவியும் தங்களுக்கு எதைச் செய்தால் மகிழ்ச்சி என்று ஒரு பட்டியல் எழுதி, ஒருவர் செய்யட்டும் என்று மற்றவர் காத்திராமல், தினமும் அதிலிருந்து சிலவற்றைச் செய்ய வேண்டும். பட்டியலில் எதை எழுதலாம் என்பதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் இன்றைக்கும் உதவும். செய்யாதே என்று இருக்கக் கூடாது, செய் என்று இருக்க வேண்டும். என்ன, எப்போது என்று குறிப்பாக இருக்க வேண்டும். தினமும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். சமீபத்துச் சண்டை எதைப் பற்றியதோ அதை அதில் சேர்க்கக் கூடாது.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் நம் கோரிக்கைகள் பலவும் தேறாது. “எப்பப் பாத்தாலும் போனையே நோண்டாதீங்க” என்பது செய்யாதே வகை. “கடையில இருந்து வந்ததும், போனை எடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எம் பக்கத்துல உக்காருங்க” என்பது செய்யக்கூடியது. தொடுதல் பற்றிய ஆசையை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தவறான புரிதல் அதிகம். பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்தால் கணவர் அதை உறவுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார் என்பதாலேயே சாய்வதை நிறுத்திவிட்ட பெண்கள் உண்டு. “தூங்கறதுக்கு முன்னாடி சும்மா கையப் புடிச்சுட்டு இருந்தாப் போதும், வேற எதுக்கும் இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இருவருக்கும் அந்தத் தயக்கம் தீரும். கூட்டுக்குடும்பத்தில் பெரியவர்கள் முன்னால் அவர் ஒட்டாமல் நடந்துகொள்வதைப் பாசமில்லாததாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அறைக்குள் வந்த பிறகு எப்படி இருக்கிறார் என்பதைப் பார்த்துக் கேளுங்கள்.

நன்றாகக் கேட்டாலும் முதல் பதில் பெரும்பாலும் தற்காப்பாகத்தான் வரும். ஈரோட்டுக்காரரும், “அதான் மைசூர்பாக் வாங்கிட்டு வந்தேனே” என்றார். இங்கே பலர் வழுக்கிவிடுவார்கள். “ஸ்வீட்டா பெருசு?” என்று கேட்டால் மறுபடி வழக்கு ஆரம்பமாகிவிடும். அவள், “ஆமாங்க, நல்லா இருந்துச்சு. எனக்கு ரெண்டும் வேணும்ங்கறேன்” என்றாள். அவர் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உண்மையைச் சொன்னார்: “எங்கப்பா எங்கம்மாகிட்ட அப்படியெல்லாம் பேசி நான் பாத்ததே இல்ல. எனக்கு வாயே வராது.” இந்த வார்த்தை வந்தால் பாதி வேலை முடிந்தது. இது மறுப்பு இல்லை, தன் சிரமத்தைச் சொல்கிறார். இப்போது கோரிக்கையை இன்னும் சின்னதாக்கலாம். “நேர்ல கூச்சமா இருந்தா வாட்ஸ்அப்புல ஒரு வரி போடுங்க” என்றாள் அவள். நேரில் வராத சொல் சிலருக்கு எழுத்தில் தடையில்லாமல் வரும். வாய்ஸ் மெசேஜில் வருகிறவர்களும் உண்டு.

இனிதான் கடினமான பகுதி. எல்லோரும் கேட்பதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கிடைத்த பிறகு நடப்பதில்தான் நிறைய கெட்டுப்போகிறது என்பது என் எண்ணம். செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது: “நேத்து வச்ச குழம்பு நல்லா இருந்துச்சு.” அவள் எதிர்பார்த்தது இதையல்ல. மனதுக்குள் ஒரு குரல் உடனே சொன்னது: நான் கேட்டதாலதானே அனுப்பினார், தானா வந்திருந்தா இல்ல அது அன்பு?

இந்தக் குரலைச் சிகிச்சையாளர்களும் சந்தித்திருக்கிறார்கள். நீல் ஜேக்கப்சன், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் இருவரும் 1990களில் தம்பதிச் சிகிச்சையில் ஒரு புதிய முறையை உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டியல் போட்டு, விதியின்படி செய்யும் அன்புச் செயல்களை, பெறுபவர் பல நேரம் உண்மையானதாக ஏற்பதில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே அந்தக் குரல் எழுவது இயற்கை. ஆனால் அது சொல்லும் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கேட்டதால் அவர் அனுப்பினார் என்பது சரி. கேட்டவுடன் மறக்காமல், கூச்சத்தை மீறி, கடை வேலைக்கு நடுவில் ஒரு வரி தட்டினார் என்பதும் சரிதானே? தானாக வரும் சொல்லுக்கு உந்துதல் மட்டும் போதும். கேட்டபின் வரும் சொல்லுக்கு அவர் மெனக்கெட வேண்டியிருக்கிறது. அந்த மெனக்கெடலை அன்பிலிருந்து கழித்துவிடுவது நியாயமில்லை.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டெனிஸ் மாரிகோல்டும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2007இல் செய்த ஆய்வு இங்கே உதவும். தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கிறவர்கள் துணையின் பாராட்டை அவ்வளவாக மனதில் ஏற்றிக்கொள்வதில்லை. அதே ஆட்களிடம், உங்கள் துணை உங்களை ஏன் மெச்சினார், அது உங்களுக்கும் உங்கள் உறவுக்கும் என்ன அர்த்தம் தருகிறது என்று எழுதச் சொன்னபோது பாராட்டு உள்ளே இறங்கியது. குழம்பு மெசேஜை அப்படி யோசித்துப் பார்க்கலாம். மதியம் டப்பாவைத் திறந்ததும் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவருக்குத் தெரிந்த வார்த்தை குழம்புதான்.

வெளியே சொல்லும் பதில் இன்னும் முக்கியம். நம் வீடுகளில் இதற்கென்றே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, “இன்னிக்கு மழைதான் வரப்போகுது.” மற்றொன்று, “அப்பாடா, இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே.” விளையாட்டாகச் சொல்வதுதான். ஆனால் முதன்முறையாகத் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்ன மனிதருக்கு அது, ஏன் சொன்னோம் என்று ஆக்கிவிடும். அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார். அவள் “படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சுங்க” என்று மட்டும் எழுதினாள். அவ்வளவு போதும். பெரிதாகக் கொண்டாடினாலும் அவர் கூசிப்போவார்.

அடுத்த ஞாயிறு அவர் பங்குக்கு ஒன்று கேட்டார்: “நான் வண்டியப் பாத்து வைக்கறேனே, அதைப் பத்தி நீ ஒண்ணும் சொல்றதில்லையே.” அவள் அதை நினைத்தே பார்த்ததில்லை. அன்பான வார்த்தை வேண்டும் என்று கேட்கிறவர், தான் எத்தனை முறை சொல்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. பதிலுக்குப் பதில் என்ற கணக்குக்காக அல்ல, வீட்டில் அப்படிப் பேசுவது வழக்கமாக ஆனால்தான் வாய் வராதவருக்கும் வரும் என்பதற்காக.

எல்லா வீட்டிலும் இது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அக்கறை இருந்தும் சொல்லத் தெரியாதவரிடம் மட்டுமே இப்படிக் கேட்டுப் பலன் உண்டு. அது எப்படித் தெரியும்? மென்மையாகக் கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சங்கடப்படுகிறார், மழுப்புகிறார், பிறகு தப்பும் தவறுமாக எதையோ முயல்கிறார் என்றால் நல்ல அறிகுறி. கேட்டதை வைத்தே பிறர் முன்னால் கிண்டல் செய்கிறார், “உனக்கெல்லாம் இது ஒரு கேடா” என்று இளக்காரமாகப் பேசுகிறார், கை ஓங்குகிறார் என்றால் அங்கே குறை உங்கள் கேட்கும் விதத்தில் இல்லை. இன்னும் பதமாகக் கேட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை. நம்பிக்கையான ஒருவரிடமோ குடும்பநல ஆலோசகரிடமோ பேச வேண்டிய விஷயம் அது. கணவர் அடித்தாலோ மிரட்டினாலோ பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.

முன்பு கலகலப்பாக இருந்தவர் சில வாரங்களாகவே எல்லோரிடமும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் குறைந்து காணப்பட்டால், அதையும் பாசக் குறைவு என்று படிக்காதீர்கள். மனச்சோர்வு இருக்கலாம். பிள்ளை பெற்ற சில மாதங்களில் மனைவி கணவரிடமிருந்து விலகியிருந்தாலும் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் “எங்கிட்ட ஒரு வார்த்தை பேசு” என்று கேட்பதை விட மருத்துவரிடம் கூட்டிப்போவதுதான் அவசரம்.

எல்லாம் சரியாக நடந்த வீட்டிலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பழைய மௌனம் திரும்பி வரும். கடையில் வேலை கூடும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும். அப்போது “பாத்தீங்களா, பழைய குருடி கதவத் தொறடின்னு ஆயிருச்சு” என்று சொல்லாமல், இரண்டாவது முறையும் முதல் முறை போலவே கேட்க வேண்டியிருக்கும். ஈரோட்டுத் தம்பதி இதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். அவள், “ஏனுங்க, மைசூர்பாக் தீந்து போச்சுங்க” என்பாள். அவருக்குப் புரியும். சில நாள் ஒரு வார்த்தை சொல்வார். சில நாள் நிஜமாகவே மைசூர்பாக் வாங்கி வந்துவிடுவார். அவள் அதை வாங்கிக்கொண்டு, வார்த்தையையும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.